மோசமான நாளும் கணக்கில் சேர, குறைந்தபட்சத்தை எவ்வளவு வைப்பது?

கொழுந்துக்கூடை, கோத்தகிரி | அக்டோபர் 6, இரவு 9.40

குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறேன். வீட்டில் ஒரு ஏக்கருக்கும் குறைவான தேயிலை. கொழுந்து எடுக்கும் நாட்களில் நானும் அப்பாவும் அம்மாவும்தான். வெளியாள் வைத்தால் கட்டுப்படி ஆகாது. மற்ற நாட்களில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன்.

நாளுக்கு மூன்று அளவு வைத்துக்கொள் என்று நண்பர் ஒருவர் சொன்னார். குறைந்தபட்சம், இலக்கு, உச்சம். குறைந்தபட்சத்தைத் தொட்டாலே அது தேறிய நாள். நான் ஒரு மணி நேரம், மூன்று மணி நேரம், ஐந்து மணி நேரம் என்று வைத்தேன். கொழுந்து நாளில் மூட்டையைச் சாலை வரை சுமந்து, எடை போட்டு அனுப்பிவிட்டு வீட்டுக்கு வரும்போது ஏழு மணி ஆகிவிடுகிறது. அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் உட்கார உடம்பு இடம் கொடுப்பதில்லை.

குறைந்தபட்சத்தை அரை மணி ஆக்கலாமா? ஆக்கினால் எல்லா நாளும் அரை மணியோடு நின்றுவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. ஒரே இலக்கு வை, எட்டாவிட்டால் எட்டவில்லை என்று எழுது, அதுதான் நேர்மை என்கிறாள் என் தங்கை. இப்படி மூன்று அளவு வைத்துப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

ஓட்டம், உதகை | அக்டோபர் 6, இரவு 10.15

அளவு எதுவாக இருந்தாலும் 21 நாள் விடாமல் செய்தால் பழக்கமாகிவிடும். நடுவில் ஒரு நாள் விட்டால் கணக்கு முதலிலிருந்து. நான் காலை ஓட்டத்தை அப்படித்தான் பிடித்தேன். குறைந்தபட்சம் என்றால் காலணியை மாட்டிக்கொண்டு வாசலைத் தாண்டுவது. அது போதும், மற்றது தானாக வரும்.

ஓய்வாசிரியர் | அக்டோபர் 7, காலை 6.05

தம்பி, குறைந்தபட்சத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். குரூப் 4 தேர்வில் மொத்தம் 200 கேள்வி, 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். தேறுவதற்குக் குறைந்தபட்சம் 90 மதிப்பெண். அதைவிட முக்கியம் தமிழ்ப் பகுதி. அதில் 100 கேள்விக்கு 150 மதிப்பெண். 60 எடுக்காவிட்டால் பொது அறிவும் கணக்கும் உள்ள அடுத்த பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரையுள்ள தமிழ்ப் பாடநூலை விடாதீர்கள்.

குன்னூர் இயன்முறை | அக்டோபர் 7, பிற்பகல் 2.20

நான் இயன்முறை மருத்துவர். தேர்வுப் படிப்பு என் துறை இல்லை; ஆனால் மோசமான நாளில் எவ்வளவு செய்வது என்பதுதான் எனக்குத் தினமும் வேலை. இடுப்பு வலியோடும் முழங்கால் வலியோடும் எஸ்டேட்டிலிருந்து வரும் பெண்களுக்குப் பயிற்சி எழுதிக்கொடுக்கும்போது இதே சிக்கல்தான் வரும்.

தம்பி கொழுந்துக்கூடை, உங்கள் மூன்று அளவையும் நல்ல நாள் ஒன்றில் உட்கார்ந்து எழுதியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ஐந்து மணி நேரம் முடியும் என்று தோன்றிய நாளில் ஒரு மணி நேரம் மிகச் சிறியதாகத் தெரியும். குறைந்தபட்சத்தை மோசமான நாளிலிருந்து எடுக்க வேண்டும். கொழுந்து எடுத்து, மழையில் நனைந்து, கரண்டும் இல்லாத இரவில் நீங்கள் உண்மையிலேயே செய்து முடித்த அளவு எது? அதை உங்களாலேயே இப்போது சொல்ல முடியாது. எனவே இரண்டு வாரம் எந்த அளவும் வைக்காதீர்கள். செய்ததை மட்டும் குறியுங்கள். செய்யாத நாளுக்குப் பூஜ்யம் எழுதுங்கள்; அது குற்றம் இல்லை, தகவல்.

இன்னொன்று. மணி நேரத்தில் எண்ண வேண்டாம். களைத்த இரவில் புத்தகம் ஒரே பக்கத்தில் திறந்தபடி கிடக்க, ஒரு மணி நேரம் கடந்துவிடும். கேள்வியில் எண்ணுங்கள். ஒரு கேள்விக்கு விடை எழுதி, விடைக்குறிப்போடு ஒப்பிட்டு, தவறு என்றால் ஏன் தவறு என்று பாடநூலில் பார்த்தால் ஒன்று.

ஓட்டம் அவர்களுக்கு: அந்த 21 நாள் கணக்கு 1960இல் அமெரிக்காவில் ஒரு பிளாஸ்டிக் அறுவை மருத்துவர் எழுதியதிலிருந்து பரவியது. முகம் மாறிய நோயாளிகள் புதிய முகத்துக்குப் பழகக் குறைந்தது மூன்று வாரம் ஆகிறது என்பது அவர் கவனித்தது. ஓட்டத்துக்கும் படிப்புக்கும் அதில் இடம் இல்லை. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லல்லியும் உடன் இருந்தவர்களும் 96 பேரைப் பன்னிரண்டு வாரம் கவனித்து 2010இல் வெளியிட்டார்கள். ஒரு செயல் தானாக வரும் நிலையை எட்ட, நடுவில் உள்ளவருக்கு 66 நாள் ஆனது. ஆனால் ஆளுக்கு ஆள் 18 முதல் 254 வரை விரிந்தது. ஒரு நாள் விட்டது பழக்கம் உருவாவதைக் குறிப்பிடும்படி பாதிக்கவில்லை என்பதையும் அவர்கள் கண்டார்கள். முதலிலிருந்து தொடங்க வேண்டிய அவசியமே இல்லை.

ஓட்டம், உதகை | அக்டோபர் 7, மாலை 6.50

21 பற்றிச் சொன்னது புதிது. ஆனால் விட்டால் முதலிலிருந்து என்ற பயம்தான் என்னை டிசம்பர் உறைபனியிலும் எழுப்பியது. அதை எப்படி விடுவது?

குன்னூர் இயன்முறை | அக்டோபர் 7, இரவு 8.30

உங்களுக்கு உதவினால் வைத்துக்கொள்ளுங்கள். நான் பார்ப்பது, அந்தப் பயம் விடாதவரை எழுப்பும்; ஒரு முறை விட்டதும் அதே பயம் வாரக்கணக்கில் படுக்கவைக்கும். கணக்கு எப்படியும் போயிற்று என்று தோன்றிவிடுகிறது. நீங்கள் காய்ச்சலில் விட்டபோது எவ்வளவு நாள் கழித்து மீண்டும் ஓடினீர்கள் என்று பாருங்கள்.

காலணி மாட்டுவதை ஓட்டத்துக்குக் குறைந்தபட்சமாக வைக்கலாம், ஏனென்றால் வாசலைத் தாண்டினால் ஓடிவிடுவீர்கள். படிப்புக்கு அது ஒத்துவராது. புத்தகத்தைத் திறப்பது குறைந்தபட்சம் என்றால் திறந்து மூடிவிடலாம். குறைந்தபட்சத்துக்குள் அந்த வேலையின் ஒரு முழுத் துண்டு இருக்க வேண்டும். தேர்வில் கேட்பது விடை; எனவே ஒரு கேள்வியாவது முழுதாக முடிய வேண்டும்.

பழைய மேஸ்திரி, கொலக்கம்பை | அக்டோபர் 9, காலை 7.10

நீங்கள் சொல்லும் மூன்று அளவு எஸ்டேட்டில் எப்போதோ இருக்கிறது. நாள் கூலிக்கு இத்தனை கிலோ கொழுந்து என்று ஒரு கணக்கு. அதற்கு மேல் எடுத்தால் கிலோவுக்குத் தனிக் காசு. கொழுந்து மண்டிக் கிடக்கும் மாதத்தில் கிலோவைக் கூட்டுவோம்; பனிக்காலத்தில் செடி தூங்கும், அப்போது குறைப்போம். காட்டைப் பார்த்துத்தான் கிலோ. அதேபோல் காலையில் எழுந்து உடம்பைப் பார்த்து அன்றைய குறைந்தபட்சத்தை வையுங்கள். இன்று ஐந்து, நாளை இருபது. ஒரே அளவை வருடம் முழுக்க வைப்பது காட்டை அறியாதவன் வேலை.

குன்னூர் இயன்முறை | அக்டோபர் 9, பிற்பகல் 1.45

மேஸ்திரி ஐயா, பாதி ஒத்துக்கொள்கிறேன். பருவத்துக்கு ஏற்ப இலக்கு மாறத்தான் வேண்டும். ஆனால் உங்கள் எஸ்டேட்டில் அன்றைய கிலோவைக் கொழுந்து எடுப்பவர் வைக்கவில்லை. பருவம் பார்த்து முன்கூட்டியே வேறொருவர் வைத்தார். இங்கே வைப்பவரும் எடுப்பவரும் ஒருவரே. காலையில் உடம்பைப் பார்த்து வைத்தால், இரவில் மறுபடி உடம்பைப் பார்த்துக் குறைப்பார். களைப்பில் செய்யும் பேரத்தில் களைப்புதான் வெல்லும். எனவே அளவைத் தெளிந்த நேரத்தில் ஒரு மாதத்துக்கு வைத்துவிட வேண்டும், மாதம் முடியாமல் தொடக்கூடாது.

இன்னொரு வேறுபாடும் உண்டு. எஸ்டேட் கணக்கில் கிலோவுக்குக் குறைந்தால் கூலியில் கை வைப்பார்கள். நாம் பேசும் குறைந்தபட்சம் எவரையும் பிடிப்பதற்கு அல்ல. கிட்டத்தட்ட எல்லா நாளிலும் தொடக்கூடியதாக வைப்பதற்கு.

பழைய மேஸ்திரி, கொலக்கம்பை | அக்டோபர் 9, இரவு 7.30

கூலியில் கை வைத்தது உண்மை. அதை நானே எழுதியிருக்கிறேன், பிடிக்காமல் எழுதினேன். ஆனால் உடம்பை நாளுக்கு நாள் பார்க்காமல் மாதத்துக்கு அளவு வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. காய்ச்சல்காரனுக்கும் அதே அளவா?

குன்னூர் இயன்முறை | அக்டோபர் 10, காலை 8.00

காய்ச்சலில் படுக்க வேண்டும், ஐயா. அந்த நாளுக்குக் காய்ச்சல் என்று எழுதிவிட்டுத் தூங்க வேண்டும். அதில் எனக்கு எந்தத் தடையும் இல்லை.

கொழுந்துக்கூடை, கோத்தகிரி | அக்டோபர் 21, இரவு 9.10

அக்கா, இரண்டு வாரம் குறித்துவிட்டேன். கேள்விகளின் எண்ணிக்கை நாள் வரிசையில்:

0, 35, 20, 0, 8, 60, 0, 25, 30, 10, 0, 22, 70, 0

இரண்டு ஞாயிற்றுக்கிழமையும் உட்கார்ந்து நிறையச் செய்தேன், 60ம் 70ம் அந்த நாட்கள். 8 வந்தது கொழுந்து நாளில். 10 மழையில் மரம் விழுந்து கரண்ட் போன நாள், கைப்பேசி வெளிச்சத்தில் செய்தேன். மொத்தம் 280. இதைப் பார்த்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஐந்து பூஜ்யம்.

குன்னூர் இயன்முறை | அக்டோபர் 22, பிற்பகல் 3.15

எனக்கு இது மிக நல்ல தாள். உங்கள் வரிசையில் 60க்கு அடுத்த நாள் 0, 70க்கு அடுத்த நாள் 0. இதை என் நோயாளிகளிடம் தினமும் பார்க்கிறேன். வலி குறைந்த நாளில் துணி முழுவதையும் துவைத்து, வீட்டைக் கழுவி, தோட்டத்துக்கும் போய் வருவார்கள். அடுத்த இரண்டு நாள் எழுந்திருக்க முடியாது. மூன்றாம் நாள் குற்ற உணர்வோடு மறுபடி அதிகம் செய்வார்கள். நாட்பட்ட வலிக்கு மருத்துவம் பார்ப்பவர்கள் இதை உடைக்க ஒரு வழி வைத்திருக்கிறோம். நல்ல நாள், கெட்ட நாள் இரண்டையும் சேர்த்து எவ்வளவு நேரம் நிற்கவோ நடக்கவோ முடிகிறது என்று குறிக்கச் சொல்வோம். சராசரி எடுத்து அதில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைப்போம். அங்கிருந்து தொடங்கிச் சிறிது சிறிதாக ஏற்றுவோம்.

உங்கள் சராசரி 20. ஐந்தில் ஒன்றைக் கழித்தால் 16. இலக்கை 15 என்று வையுங்கள்.

குறைந்தபட்சத்தைச் சராசரியிலிருந்து எடுக்காதீர்கள். பூஜ்யம் இல்லாத மிக மோசமான நாட்கள் 8, 10. அவற்றையும்விடச் சற்றுக் கீழே போங்கள்: 5. ஓய்வாசிரியர் ஐயா தேர்வின் குறைந்தபட்சத்தைச் சொன்னார், அதையும் இங்கே பயன்படுத்தலாம். தமிழ்ப் பகுதியில் 60 மதிப்பெண் இல்லாவிட்டால் மற்றது வீண் என்றால், மோசமான நாளின் ஐந்து கேள்வியும் தமிழாகவே இருக்கட்டும். எந்த ஐந்து என்பதையும் முந்தின இரவே எடுத்து வைத்துவிடுங்கள். களைத்து வந்து தேடத் தொடங்கினால் தேடுவதிலேயே முடிந்துவிடும்.

உச்சம் 40. தம்பி, இதைக் கவனியுங்கள், உச்சத்துக்கு மேல் செய்யக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை 40 ஆனதும் புத்தகத்தை மூடுங்கள், ஆசை இருந்தாலும். பலர் உச்சத்தை மேலே எல்லை இல்லாததாக நினைக்கிறார்கள். திங்கட்கிழமையைத் தின்னாத அளவு எதுவோ அதுதான் உச்சம்.

கூடைக்காரர் தங்கை | அக்டோபர் 22, இரவு 8.50

நான்தான் அந்தத் தங்கை. அண்ணா இங்கே எழுதுவது இன்றுதான் தெரிந்தது. கோவையில் முதுகலை வணிகவியல் படிக்கிறேன், எங்கள் பாடத்திலேயே இது வருகிறது. திட்டவட்டமான கடின இலக்கு வைத்தவர்கள், முடிந்ததைச் செய் என்று விடப்பட்டவர்களைவிட அதிகம் செய்கிறார்கள் என்று லாக், லேத்தம் என்ற இருவர் பல ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டியிருக்கிறார்கள். ஐந்து கேள்விக்கு ஒரு நாளைத் தேறிய நாள் என்று சொன்னால் கடினம் எங்கே?

மோசமான நாளுக்கு வழி வேண்டும் என்றால் வேறு ஒன்று இருக்கிறது. மரிசா ஷரீஃப், சூசன் ஷு என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்டது. வாரம் ஏழு நாளும் செய் என்று கடினமாகவே வைத்து, அவசரத்துக்கு மட்டும் வாரத்தில் இரண்டு நாள் விடுப்பு கொடுத்தார்கள். வெறும் ஏழு நாள் குழுவையும், எளிதாக ஐந்து நாள் என்று வைத்த குழுவையும்விட இவர்கள் அதிகம் நிலைத்தார்கள். விடுப்பு கையில் இருக்கிறது, ஆனால் எடுக்க மனம் வராது, நாளைக்குத் தேவைப்படலாம் என்று சேமிப்பார்கள். எனவே அண்ணா 20 என்ற ஒரே இலக்கும் வாரம் இரண்டு விடுப்பும் வைத்துக்கொள்ளட்டும்.

குன்னூர் இயன்முறை | அக்டோபர் 23, பிற்பகல் 2.00

தங்கை சொல்வது கனமான எதிர்வாதம். கடின இலக்கு பற்றி: மூன்று அளவு வைப்பவரும் முடிந்ததைச் செய் என்று தன்னை விட்டுவிடுவதில்லை, 15ம் திட்டவட்டமான எண்தான். லாக்கும் லேத்தமும் திறமையும் ஈடுபாடும் இருக்கும்போது என்று சேர்த்தே சொல்கிறார்கள். கொழுந்து நாளில் உடம்பிடம் அந்தத் திறன் இல்லை.

விடுப்பு யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. ஒரு தயக்கம்தான். கொழுந்து எடுக்கும் வாரத்தில் தொடர்ந்து மூன்று நாள் போகலாம், விடுப்பு இரண்டு. அப்புறம் மூன்றாம் நாள் என்ன எழுதுவது? குறைந்தபட்சத்துக்கு அந்த எல்லை இல்லை. இரண்டையும் ஒருவரே செய்து ஒப்பிட்டு நான் பார்த்ததில்லை.

வீணைக்காரி, கொடைக்கானல் | அக்டோபர் 25, காலை 11.20

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். நான் பயிற்சிக்குக் குறைந்தபட்சம் பத்து நிமிடம், இலக்கு ஒரு மணி நேரம் என்று வைத்துப் பல மாதமாகிறது. ஒரு நாளும் விடவில்லை. ஆனால் எல்லா நாளும் பத்து நிமிடம்தான்! விரல் முன்பு இருந்த இடத்திலேயே இருக்கிறது. கொழுந்துக்கூடை பயந்தது எனக்கு நடந்துவிட்டது. குறைந்தபட்சத்தைக் கூட்டிவிடட்டுமா?

குன்னூர் இயன்முறை | அக்டோபர் 25, பிற்பகல் 4.40

கூட்டாதீர்கள் அம்மா. கூட்டினால் உண்மையாகவே முடியாத நாள் வரும்போது சங்கிலி அறும். கோளாறு குறைந்தபட்சத்திலா இலக்கிலா என்று முதலில் கண்டுபிடியுங்கள். இனி குறைந்தபட்சத்தோடு நின்ற நாளுக்குப் பக்கத்தில் காரணத்தை ஒரே சொல்லில் எழுதுங்கள். காய்ச்சல், விருந்தாளி, தூக்கம் இல்லை. சொல் கிடைத்தால் அது மோசமான நாள், குறைந்தபட்சம் தன் வேலையைச் செய்திருக்கிறது. எழுதச் சொல்லே கிடைக்காத நாட்கள் பெருகினால் இலக்கில்தான் கோளாறு.

என் ஊகம், உங்கள் இலக்கு மங்கலாக இருக்கிறது. ஒரு மணி நேரம் என்ன வாசிப்பீர்கள்?

வீணைக்காரி, கொடைக்கானல் | அக்டோபர் 27, இரவு 7.15

கேட்டதும்தான் தெரிந்தது, அதை நான் ஒருநாளும் முடிவு செய்யவில்லை. பத்து நிமிடம் ஜண்டை வரிசை வாசித்துவிட்டு, அடுத்து என்ன என்று யோசிக்கும்போது எழுந்துவிடுகிறேன். இனி இப்படி வைக்கிறேன். குறைந்தபட்சம், ஒரு ஜண்டை வரிசை மூன்று காலத்தில். இலக்கு, அதோடு ஒரு வர்ணம் இரண்டு காலத்தில், தவறிய இடத்தை மட்டும் தனியே எடுத்துப் பலமுறை. உச்சம், கீர்த்தனை. நேரத்தைப் பார்க்கப் போவதில்லை.

குன்னூர் இயன்முறை | அக்டோபர் 27, இரவு 9.00

மூன்றும் ஒன்றன் மேல் ஒன்றாக வருகிறது, குறைந்தபட்சம் முடிந்த இடத்திலிருந்தே இலக்கு தொடங்குகிறது. கொழுந்துக்கூடைக்கும் இதைச் சொல்ல மறந்தேன்: நல்ல நாளிலும் அந்த ஐந்து தமிழ்க் கேள்வியை முதலில் முடித்துவிட்டு மேலே போங்கள்.

கொழுந்துக்கூடை, கோத்தகிரி | நவம்பர் 19, இரவு 9.30

நான்கு வாரம் முடிந்தது. தினசரி நாட்காட்டித் தாளைக் கிழிக்காமல், மூலையில் புள்ளி வைத்தேன். குறைந்தபட்சம் ஒரு புள்ளி, இலக்கு இரண்டு, உச்சம் மூன்று. 28 நாளில் பூஜ்யம் 2, ஒரு புள்ளி 9, இரண்டு புள்ளி 13, மூன்று புள்ளி 4. இரண்டு பூஜ்யமும் மழையில் சாலை அறுந்து, கடையிலேயே தங்க நேர்ந்த நாட்கள், புத்தகம் வீட்டில்.

ஒரு புள்ளி நாட்கள் ஒன்பதில் ஏழுக்குச் சொல் இருந்தது: கொழுந்து, கொழுந்து, கரண்ட் என்று. இரண்டுக்கு இல்லை.

ஆனால் மொத்தம் 470 கேள்விதான். முன்பு இரண்டு வாரத்தில் 280, அதாவது நான்கு வாரத்துக்கு 560 வர வேண்டும். குறைந்துவிட்டது அக்கா. உச்சத்தில் 40க்கு மூடியதுதான் இழப்போ என்று தோன்றுகிறது. தங்கையிடம் இன்னும் சொல்லவில்லை.

கூடைக்காரர் தங்கை | நவம்பர் 19, இரவு 9.52

பார்த்துவிட்டேன் அண்ணா.

கேட்க வருத்தமாக இருந்தாலும் சொல்ல வேண்டும். பூஜ்யம் குறைந்தது மகிழ்ச்சிதான். ஆனால் தேர்வில் பூஜ்யம் இல்லாத நாட்களுக்கு மதிப்பெண் இல்லை.

குன்னூர் இயன்முறை | நவம்பர் 20, பிற்பகல் 1.30

தங்கையின் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. 560லிருந்து 470க்கு வந்தது உண்மைக் குறைவு. இலக்கைச் சராசரிக்குக் கீழே வைத்தோம், முதல் மாதத்தில் மொத்தம் குறையும் என்று நான் எதிர்பார்த்தேன். நோயாளிகளிடமும் முதலில் நடை குறையும். அந்தக் குறைவோடு நின்றால் இந்த முறை தோற்றது என்றே சொல்வேன். நிற்கப் போவதில்லை என்பதுதான் முறையின் மறுபாதி.

நான் பார்ப்பது இது. பழைய வேகத்தில் 28 நாளுக்குப் பத்து பூஜ்யம் வந்திருக்கும், இப்போது இரண்டு. பாதிக்கு மேல், அதாவது 17 நாளில், இலக்கையோ அதற்கு மேலோ தொட்டிருக்கிறீர்கள். உச்சத்துக்கு அடுத்த நாட்களில் பூஜ்யம் வந்ததா?

கொழுந்துக்கூடை, கோத்தகிரி | நவம்பர் 20, இரவு 8.10

இல்லை. நான்கு முறையும் அடுத்த நாள் இரண்டு புள்ளி அல்லது ஒரு புள்ளி.

குன்னூர் இயன்முறை | நவம்பர் 20, இரவு 9.00

அப்படியானால் ஏற்றலாம். இலக்கை மட்டும் 15லிருந்து 20 ஆக்குங்கள். குறைந்தபட்சம் 5 அப்படியே இருக்கட்டும். கொழுந்து நாள் மாறவில்லை, அதுவும் மாறக்கூடாது. உச்சத்தை 50 ஆக்கிப் பார்க்கலாம், அடுத்த நாள் விழுந்தால் திரும்ப 40.

பாதிக்கும் குறைவான நாளில் இலக்கு கிடைத்திருந்தால் ஏற்றியிருக்க மாட்டேன். குறைந்தபட்சமே மாதத்தில் நான்கைந்து முறை தவறியிருந்தால் அதைத்தான் குறைத்திருப்பேன். இந்த எல்லைகள் நான் வேலையில் பழகியவை, வேறு எவரும் வேறு இடத்தில் கோடு போடலாம்.

தங்கைக்கு ஒன்று. தேர்வுக்கு ஆறு வாரம்தான் இருக்கிறது என்றால் உங்கள் பக்கம் சேர்ந்துவிடுவேன். அப்போது கேள்விகளின் மொத்தம்தான் முக்கியம், ஒரு மாதத்தைத் தாழ்வாகச் செலவழிக்க நேரமில்லை. நீண்ட காலம் இருப்பவருக்குத்தான் இது.

பழைய மேஸ்திரி, கொலக்கம்பை | நவம்பர் 21, காலை 6.40

சொல் கிடைக்காத அந்த இரண்டு நாளைப் பற்றி எவரும் கேட்கவில்லையே. தம்பி, அந்த இரண்டு நாளுக்கும் முந்தின நாள் என்ன செய்தாய் என்று தாளைப் பார். என் அனுபவத்தில் காரணம் இல்லாமல் கை தளரும் நாளுக்குக் காரணம் முந்தின நாளில் இருக்கும்.

கொழுந்துக்கூடை, கோத்தகிரி | நவம்பர் 21, இரவு 9.20

பார்த்தேன் ஐயா. இரண்டுக்கும் முந்தின இரவு கேள்விகளை எடுத்து வைக்காமல் தூங்கியிருக்கிறேன் என்று நினைக்கிறேன். உறுதியாகச் சொல்ல முடியவில்லை, அதைக் குறிக்கவில்லை. இனி எடுத்து வைத்தால் தாளின் மறு மூலையில் ஒரு கோடு போடுகிறேன்.

கூடலூர் செவிலி | நவம்பர் 30, அதிகாலை 4.30

இழையை முழுக்கப் படித்தேன். எனக்குப் பகல், மாலை, இரவு என்று மூன்று வேலை முறை மாறி மாறி வரும். இரவு வேலை வாரத்தில் நாளே எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. நாளுக்கு ஓர் அளவு என்பது எனக்கு எப்படிப் பொருந்தும்?

குன்னூர் இயன்முறை | நவம்பர் 30, பிற்பகல் 3.00

கடிகாரத்தின் நாளை விடுங்கள். ஒரு நீண்ட தூக்கத்திலிருந்து அடுத்த நீண்ட தூக்கம் வரை ஒரு நாள் என்று வையுங்கள். குறைந்தபட்சத்தை மூன்று வேலை முறைக்கும் ஒன்றாக, இரவு வேலை முடிந்த காலையிலிருந்து எடுங்கள். இலக்கை மட்டும் முறைக்கு ஒன்றாக, மாதத் தொடக்கத்திலேயே, வேலைப் பட்டியல் ஒட்டும் நாளில் எழுதிவிடுங்கள். இதில் மேஸ்திரி ஐயா சொன்னது சரி, காட்டைப் பார்த்துத்தான் கிலோ. வைப்பது மட்டும் முன்கூட்டியே.

கொழுந்துக்கூடை, கோத்தகிரி | டிசம்பர் 20, இரவு 9.15

இரண்டாவது நான்கு வாரம்: பூஜ்யம் 1, ஒரு புள்ளி 8, இரண்டு புள்ளி 15, மூன்று புள்ளி 4. மொத்தம் 575. பழைய வேகத்தைச் சற்றே தாண்டியிருக்கிறது. பனி தொடங்கிக் கொழுந்து குறைந்துவிட்டது, அதனாலும் இருக்கலாம். முறையால் எவ்வளவு, பனியால் எவ்வளவு என்று பிரிக்கத் தெரியவில்லை. உச்சம் 50 வைத்ததில் ஒரு முறை அடுத்த நாள் பூஜ்யம் விழுந்தது. 40க்கே திரும்புகிறேன்.

தங்கை ஜனவரியிலிருந்து தன் படிப்புக்கு ஒரே இலக்கும் வாரம் இரண்டு விடுப்பும் வைக்கப் போகிறாள். ஏப்ரலில் கொழுந்து பெருகும்போது என் தாளையும் அவள் தாளையும் இங்கேயே போடுகிறோம்.

கூடைக்காரர் தங்கை | டிசம்பர் 20, இரவு 9.40

என் தேர்வு ஏப்ரலில்தான் அண்ணா. மே மாதம் போடலாம்.